வரையறுக்கப்பட்ட புவிப்பழுதுப் பாதுகாப்பு

வரையறுக்கப்பட்ட புவிப்பழுதுப் பாதுகாப்பு என்பது, மின்திறன் மின்மாற்றியின் விண்மீன் (ஸ்டார்) இணைப்புச் சுருணையில் ஏற்படும் புவிப்பழுதுகளை மட்டும் கண்டறிந்து மின்மாற்றியைத் துண்டிக்கும் ஒரு பாதுகாப்பு முறை ஆகும். மின்னோட்ட மின்மாற்றிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் நிகழும் பழுதுக்கு மட்டுமே இது செயற்படும். அப்பகுதிக்கு வெளியே நிகழும் பழுதுக்குச் செயற்படாது. எல்லை இவ்வாறு வகுக்கப்பட்டிருப்பதாலேயே இப்பெயர் பெற்றது. துணைமின்நிலையப் பணியாளர்கள் இதனை ஆர்.இ.எஃப். என்ற சுருக்கப் பெயரால் அழைப்பர். ரிலேக்களின் முகப்பிலும் வரைபடங்களிலும் இது 64R அல்லது 87N என்ற குறியீட்டால் காட்டப்படுகிறது.

மின்மாற்றியின் இரு பக்க மின்னோட்டங்களையும் ஒப்பிடும் வேறுபாட்டுப் பாதுகாப்பு (டிஃபரன்ஷியல்) ஏற்கனவே இருக்கும்போதும் இம்முறை தனியாகப் பொருத்தப்படுகிறது. விண்மீன் சுருணையின் நடுநிலைப் புள்ளிக்கு (நியூட்ரல்) அருகில் மின்காப்பு சிதைந்து பழுது ஏற்பட்டால் வேறுபாட்டுப் பாதுகாப்பு அதனை உணராமல் போகக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

## பின்னணி

ஒரு பகுதிக்குள் நுழையும் மின்னோட்டத்தையும் அதிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பழுதை அறியும் முறைக்கு, இங்கிலாந்தில் 1904ஆம் ஆண்டு சார்லசு மெர்சு, பெர்னார்டு பிரைசு ஆகிய இருவரும் காப்புரிமை பெற்றனர். வேறுபாட்டுப் பாதுகாப்பு, வரையறுக்கப்பட்ட புவிப்பழுதுப் பாதுகாப்பு ஆகிய இரண்டும் இக்கோட்பாட்டின் அடிப்படையிலேயே இயங்குகின்றன. இரண்டும் ஒப்பிடும் மின்னோட்டங்கள் வேறு என்பதே வேறுபாடு.

திருச்சிராப்பள்ளியில் மன்னார்புரம் துணைமின்நிலையம் போன்ற நகரத் துணைமின்நிலையங்களிலிருந்து வீடுகளையும் கடைகளையும் நோக்கிச் செல்லும் மின்னூட்டிகள் (ஃபீடர்) 11 கிலோவோல்ட்டில் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் 110 கிலோவோல்ட்டை 11 கிலோவோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றிகளில் 11 கிலோவோல்ட்டுச் சுருணை விண்மீன் இணைப்பில் இருப்பதும், அதன் நடுநிலைப் புள்ளி இடையில் மின்தடை ஏதுமின்றி நேரடியாகப் புவியுடன் இணைக்கப்படுவதும் வழக்கம். இத்தகைய சுருணையே இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

## அமைப்பு

இம்முறைக்கு நான்கு மின்னோட்ட மின்மாற்றிகள் (சி.டி.) தேவை. மூன்று சி.டி.க்கள் சுருணையின் மூன்று கட்டங்களின் (பேஸ்) வெளிமுனைகளில், கட்டத்திற்கு ஒன்றாக, அமைக்கப்படுகின்றன. நான்காவது சி.டி. நடுநிலைப் புள்ளியிலிருந்து புவிக்குச் செல்லும் கடத்தியில் அமைக்கப்படுகிறது. நான்கின் விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இவற்றின் துணைச் சுருணைகள் அனைத்தும் பக்க இணைப்பில் சேர்க்கப்பட்டு, அவற்றின் குறுக்கே ஒரே ஒரு ரிலே இணைக்கப்படுகிறது.

மூன்று கட்டங்களின் மின்னோட்டங்களைக் கூட்டினால், சமநிலைச் சுமையில் விடை சுழியம் ஆகும். சுமை சமநிலையில் இல்லாவிட்டாலும் அக்கூட்டுத்தொகை நடுநிலைக் கடத்தியில் திரும்பி வரும் மின்னோட்டத்திற்குச் சமமாகவே இருக்கும். எனவே நான்கு சி.டி.க்களின் கூட்டுத்தொகை இயல்பு நிலையில் எப்போதும் சுழியமே.

வெளியே ஒரு மின்னூட்டியில் கம்பி அறுந்து நிலத்தில் விழுந்தது எனக் கொள்வோம். பழுது மின்னோட்டம் அக்கட்டத்தின் சி.டி. வழியாக வெளியே சென்று, நிலத்தின் வழியே நடுநிலைச் சி.டி.க்குத் திரும்பி வரும். சென்றதும் வந்ததும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் ரிலேயில் மின்னோட்டம் பாயாது. அப்பழுதை அந்த மின்னூட்டியின் ரிலேயும் பிரேக்கரும் கவனித்துக்கொள்ளும்.

மாறாக, சுருணையின் ஒரு சுற்று மின்காப்பு கெட்டு இரும்பு உள்ளகத்தையோ தொட்டியையோ தொட்டால், பழுது மின்னோட்டம் அந்த இடத்திலிருந்து புவிக்குச் சென்று நடுநிலைக் கடத்தி வழியே சுருணைக்குத் திரும்பும். 11 கிலோவோல்ட்டுப் பக்கத்தில் வேறு மின்மூலம் இல்லாததால், இம்மின்னோட்டம் கட்டச் சி.டி.க்களைக் கடப்பதில்லை. நடுநிலைச் சி.டி. மட்டும் அதனை அளக்கிறது. நீக்குவதற்கு இணை இல்லாத அம்மின்னோட்டம் ரிலே வழியே பாய்ந்து பிரேக்கர்களைத் திறக்கச் செய்கிறது.

## வேறுபாட்டுப் பாதுகாப்பு உணராமல் போவது ஏன்

வேறுபாட்டு ரிலே உயர் அழுத்தப் பக்கக் கட்ட மின்னோட்டத்தையும் தாழ் அழுத்தப் பக்கக் கட்ட மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. நடுநிலைக் கடத்தியில் பாய்வதை அது நேரடியாக அறியாது. தாழ் அழுத்தச் சுருணைக்குள் ஏற்பட்ட புவிப்பழுதைப் பற்றி அதற்குக் கிடைக்கும் ஒரே செய்தி, உயர் அழுத்தப் பக்கத்தில் கூடுதலாகப் பாயும் மின்னோட்டமே ஆகும்.

அச்செய்தி எவ்வளவு வலுவானது என்பதைச் சுற்றுகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. நடுநிலைப் புள்ளியிலிருந்து சுருணையின் 5 விழுக்காட்டுத் தொலைவில் பழுது ஏற்பட்டால், பழுது மின்னோட்டம் அந்த 5 விழுக்காட்டுச் சுற்றுகளில் மட்டுமே பாய்கிறது. ஆம்பியர்-சுற்றுகள் சமமாக வேண்டும் என்பதால், முழுச் சுற்றுகளையும் கொண்ட உயர் அழுத்தச் சுருணையில் அதற்கு ஈடாக மிகச் சிறிய மின்னோட்டமே போதுமானது. இதனால் தாழ் அழுத்தப் பக்கத்தில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து சுருணையை எரித்துக்கொண்டிருக்கும்போதும் உயர் அழுத்தப் பக்கம் ஏறத்தாழ இயல்பாகவே காட்சியளிக்கும்.

### மின்தடை வழியே புவியிணைக்கப்பட்ட சுருணை

நடுநிலைப் புள்ளி ஒரு மின்தடை வழியே புவியுடன் இணைக்கப்பட்டிருந்தால் இவ்விளைவு இன்னும் கடுமையாகிறது. முக்கோண–விண்மீன் இணைப்புள்ள மின்மாற்றி ஒன்றில், சுருணையின் வெளிமுனையில் ஏற்படும் புவிப்பழுதின் மின்னோட்டம் முழுச்சுமை மின்னோட்டத்திற்குச் சமமாகும்படி மின்தடை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். நடுநிலைப் புள்ளியிலிருந்து பழுதின் தொலைவைச் சுருணையின் பின்னமாக x என்று குறித்தால், பழுதுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் x மடங்கு என்பதால் பழுது மின்னோட்டமும் x மடங்காகிறது. அம்மின்னோட்டம் x பங்கு சுற்றுகளில் மட்டும் பாய்வதால், உயர் அழுத்தப் பக்கத்தில் மீண்டும் ஒருமுறை x ஆல் பெருக்க வேண்டியுள்ளது. முக்கோண–விண்மீன் சுற்று விகிதத்தால் √3 ஆல் வகுக்கவும் வேண்டும்.

நடுநிலை மின்னோட்டம் = x
உயர் அழுத்தப் பக்க மின்னோட்டம் = x² / √3

இவை முழுச்சுமை மின்னோட்டத்தின் விழுக்காடாகப் பின்வரும் அட்டவணையில் தரப்பட்டுள்ளன.

| பழுதின் தொலைவு | நடுநிலை மின்னோட்டம் | உயர் அழுத்தப் பக்க மின்னோட்டம் |
|---|---|---|
| 10 | 10 | 0.6 |
| 20 | 20 | 2.3 |
| 40 | 40 | 9.2 |
| 60 | 60 | 20.8 |
| 80 | 80 | 37.0 |
| 100 | 100 | 57.7 |

வேறுபாட்டு ரிலே 20 விழுக்காட்டில் செயற்படுமாறு அமைக்கப்பட்டிருந்தால், நடுநிலைப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 59 விழுக்காடு வரையிலான சுருணை பாதுகாப்பின்றி விடப்படுகிறது. அதே 20 விழுக்காட்டு அமைப்பில் நடுநிலை மின்னோட்டத்தை அளக்கும் ரிலே, 20 விழுக்காட்டுப் பகுதியை மட்டுமே விட்டுவிடுகிறது. முதலாவது x² ஐயும் இரண்டாவது x ஐயும் அளப்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

### நேரடியாகப் புவியிணைக்கப்பட்ட சுருணை

நேரடிப் புவியிணைப்பில் பழுது மின்னோட்டம் x உடன் நேர்விகிதத்தில் குறைவதில்லை. நடுநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க மின்னழுத்தம் குறைந்தாலும், பழுதுக்கு உட்பட்ட சுற்றுகளின் கசிவு மின்மறுப்பு அதைவிட விரைவாகக் குறைகிறது. எனவே நடுநிலைப் புள்ளிக்கு மிக அருகிலுள்ள பழுதிலும் பல்லாயிரம் ஆம்பியர் பாயக்கூடும். ஆயினும் உயர் அழுத்தப் பக்கம் அதனைக் காட்டுவதில்லை.

16 எம்.வி.ஏ., 110/11 கிலோவோல்ட்டு, விண்மீன்–விண்மீன் இணைப்புள்ள மின்மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதன் முழுச்சுமை மின்னோட்டம் உயர் அழுத்தப் பக்கத்தில் 84 ஆம்பியர். தாழ் அழுத்தப் பக்கத்தில் 840 ஆம்பியர். நடுநிலைப் புள்ளியிலிருந்து 5 விழுக்காட்டுத் தொலைவில் புவிப்பழுது ஏற்பட்டு 4000 ஆம்பியர் பாய்கிறது எனக் கொள்வோம்.

உயர் அழுத்தப் பக்க மின்னோட்டம் = 4000 × 0.05 × (11/110) = 20 ஆம்பியர்

இது முழுச்சுமையில் 24 விழுக்காடு. 20 விழுக்காட்டு அமைப்பைத் தாண்டிவிட்டது போலத் தோன்றினாலும், ரிலே இதனை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வெளியிலுள்ள புவிப்பழுதுகளுக்குத் தவறாகச் செயற்படாதிருக்கும் பொருட்டு, வேறுபாட்டு ரிலேக்கள் மூன்று கட்ட மின்னோட்டங்களின் சராசரியை ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் கழித்துவிடுகின்றன. ஒரு கட்டத்தில் மட்டும் பாயும் மின்னோட்டத்தில் இக்கழித்தலுக்குப் பின் மூன்றில் இரண்டு பங்கே எஞ்சும். 24 விழுக்காடு 16 விழுக்காடாகக் குறைகிறது, ரிலே செயற்படாது. அதே நேரத்தில் நடுநிலைக் கடத்தியில் முழுச்சுமையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கிறது.

## குறைந்த அமைப்பு சாத்தியமாவது எவ்வாறு

வேறுபாட்டு ரிலேயின் அமைப்பை 20 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டிற்குக் குறைத்தால் போதாதா என்ற வினா இங்கு எழலாம். நடைமுறையில் அது இயலாது. டேப் மாற்றி இயங்கும்போது மின்மாற்றியின் விகிதம் மாறுவதால், பழுது ஏதுமின்றியே இரு பக்கங்களுக்கும் இடையே வேறுபாடு தோன்றும். காந்தமாக்கு மின்னோட்டம் மின்னளிக்கும் பக்கத்தில் மட்டும் பாய்கிறது. இரு பக்கச் சி.டி.க்களும் வெவ்வேறு விகிதமும் வெவ்வேறு இயல்பும் கொண்டவை. இவை அனைத்திற்கும் மேலாக அமைப்பை வைக்க வேண்டியிருப்பதோடு, சுமை கூடக்கூட அமைப்பையும் உயர்த்தும் சார்புப் பண்பும் ரிலேயில் சேர்க்கப்படுகிறது.

வரையறுக்கப்பட்ட புவிப்பழுதுப் பாதுகாப்பில் இத்தடைகள் இல்லை. நான்கு சி.டி.க்களும் ஒரே சுருணையின் ஒரே மின்னழுத்தப் பக்கத்தில் உள்ளன. ஒப்பீட்டின் நடுவே மின்மாற்று விகிதம் வருவதில்லை. எனவே டேப் மாற்றத்தால் பாதிப்பில்லை. கட்டத்தில் நுழையும் காந்தமாக்கு மின்னோட்டம் மற்ற கட்டங்கள் வழியாகவோ நடுநிலை வழியாகவோ வெளியேறியே தீர வேண்டும் என்பதால் அதுவும் தன்னைத்தானே நீக்கிக்கொள்கிறது. எஞ்சுவது சி.டி.க்களின் பிழை மட்டுமே.

## உயர் மின்மறுப்பு முறையும் கணக்கீடும்

வெளிப் பழுதின்போது பெரும் மின்னோட்டத்தால் ஒரு சி.டி.யின் உள்ளகம் காந்தத் தெவிட்டல் அடைந்து, தன் பங்கு மின்னோட்டத்தைத் தராமல் போகலாம். அப்போது மற்றொரு சி.டி. தரும் மின்னோட்டம் நீக்கப்படாமல் ரிலேக்குச் சென்று தவறான துண்டிப்பை ஏற்படுத்தும். இதனைத் தடுக்க ரிலேயுடன் தொடரிணைப்பில் நிலைப்படுத்தும் மின்தடை ஒன்று சேர்க்கப்படுகிறது. தெவிட்டிய சி.டி. வெறும் கம்பிச் சுருள் போல் ஆகிவிடுவதால், மின்னோட்டம் உயர்ந்த மின்தடை கொண்ட ரிலேக் கிளையை விடுத்து, தெவிட்டிய சி.டி.யின் குறைந்த மின்தடை வழியையே நாடும்.

மேற்கூறிய மின்மாற்றியின் மின்மறுப்பு 10 விழுக்காடு எனவும், நான்கு சி.டி.க்களும் 1000/1 விகிதம் உடையவை எனவும் கொள்வோம். வெளிப் பழுதின் உச்ச மின்னோட்டம் 8400 ஆம்பியர்; துணைப் பக்கத்தில் 8.4 ஆம்பியர். சி.டி.யின் மின்தடை 5 ஓம், போகவர இணைப்புக் கம்பிகளின் மின்தடை 1 ஓம் எனில்,

ரிலேயின் குறுக்கே தோன்றும் மின்னழுத்தம் = 8.4 × (5 + 1) = 50.4 வோல்ட்டு

ரிலே இதற்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில்தான் செயற்பட வேண்டும். ரிலே 0.1 ஆம்பியரில் செயற்படுவது எனில், 550 ஓம் மின்தடையைத் தொடரில் சேர்த்தால் செயற்படு மின்னழுத்தம் 55 வோல்ட்டு ஆகிறது. உள் பழுதின்போது சி.டி.க்கள் இம்மின்னழுத்தத்தைத் தயங்காமல் தர வேண்டும் என்பதால், அவற்றின் வளைவுப் புள்ளி மின்னழுத்தம் (நீ பாயிண்ட்) குறைந்தது இதன் இருமடங்காக, அதாவது 110 வோல்ட்டாக, இருக்க வேண்டும். வளைவுப் புள்ளி என்பது மின்னழுத்தத்தை 10 விழுக்காடு உயர்த்தினால் காந்தமாக்கு மின்னோட்டம் 50 விழுக்காடு உயரும் புள்ளி ஆகும். இந்தியாவில் இத்தகைய சி.டி.க்கள் பி.எஸ். வகுப்பு எனக் குறிக்கப்பட்டு வந்துள்ளன.

ரிலே 0.1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டதால் முதன்மைப் பக்கத்தில் 100 ஆம்பியரிலேயே செயற்படும் என்று கருதுவது பிழை. செயற்படு மின்னழுத்தத்தில் நான்கு சி.டி.க்களும் காந்தமாக்கு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் 55 வோல்ட்டில் 0.015 ஆம்பியர் எடுத்தால்,

உண்மையான செயற்படு மின்னோட்டம் = 1000 × (0.1 + 4 × 0.015) = 160 ஆம்பியர்

இது முழுச்சுமையில் 19 விழுக்காடு. எண்ணிக்கையில் இது வேறுபாட்டு ரிலேயின் 20 விழுக்காட்டை ஒத்ததாகத் தோன்றும். ஆனால் 5 விழுக்காட்டுத் தொலைவிலுள்ள பழுதுக்கு இவ்விரண்டும் தேவைப்படுத்தும் பழுது மின்னோட்டத்தை ஒப்பிட வேண்டும். வேறுபாட்டு ரிலே செயற்பட உயர் அழுத்தப் பக்கத்தில் 30 விழுக்காடு, அதாவது 25.2 ஆம்பியர் வேண்டும். அதற்குப் பழுதில் 5040 ஆம்பியர் பாய வேண்டும். வரையறுக்கப்பட்ட புவிப்பழுது ரிலேக்கு 160 ஆம்பியர் போதும். உணர்திறன் ஏறத்தாழ முப்பது மடங்கு கூடுதல்.

உள் பழுதின்போது உயர் மின்தடையின் குறுக்கே உச்ச மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எழக்கூடும். கணக்கிட்ட உச்சம் 3000 வோல்ட்டைத் தாண்டினால், மெட்ரோசில் எனப்படும் நேரிலா மின்தடை குறுக்கே இணைக்கப்படுகிறது. அண்மைக்கால எண்முறை ரிலேக்களில் நான்கு மின்னோட்டங்களும் தனித்தனியே உள்வாங்கப்பட்டு மென்பொருளில் கூட்டப்படுவதால், நிலைப்படுத்தும் மின்தடையின்றிக் குறைந்த மின்மறுப்பு முறையிலும் இப்பாதுகாப்பு அமைக்கப்படுகிறது.

## இணைப்புப் பிழைகளும் சோதனையும்

இம்முறையில் பரவலாக நேரும் பிழை, நடுநிலைச் சி.டி.யின் முனைகள் தலைகீழாக இணைக்கப்படுவதாகும். சமநிலைச் சுமையில் நடுநிலை மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் இப்பிழை நாட்கணக்கில், மாதக்கணக்கில்கூட வெளிப்படாது. வெளியே ஒரு மின்னூட்டியில் முதல் புவிப்பழுது ஏற்படும்போது, நீங்க வேண்டிய மின்னோட்டங்கள் கூடிவிடுவதால், மின்மாற்றியே துண்டிக்கப்பட்டு அனைத்து மின்னூட்டிகளும் இருளில் மூழ்கும். மின்னூட்டிப் பழுதும் மின்மாற்றித் துண்டிப்பும் ஒரே வேளையில் நிகழ்ந்திருந்தால் இப்பிழையை ஐயுற வேண்டும்.

மற்றொரு பிழை புவியிணைப்புப் பட்டைகள் தொடர்பானது. நடுநிலைப் புள்ளி இரண்டு தனித்தனி இணைப்புகளால் புவியுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது இந்திய விதி. சி.டி. இவ்விரண்டு பட்டைகளும் பிரியும் இடத்திற்கு முன்னரே அமைய வேண்டும். பிரிந்த பின் ஒரு பட்டையில் மட்டும் அது அமைந்தால், திரும்பி வரும் மின்னோட்டத்தின் பாதியை மட்டுமே அளந்து, மீதிப் பாதியை உள் பழுது எனக் கருதச் செய்யும்.

மின்மாற்றியை இயக்கத்திற்குக் கொண்டுவருமுன் நிலைத்தன்மைச் சோதனை செய்து இப்பிழைகளைக் கண்டறியலாம். உயர் அழுத்தப் பக்கத்தில் 110 கிலோவோல்ட்டுக்குப் பதிலாகச் சாதாரண 415 வோல்ட்டு மும்முனை மின்சாரம் அளிக்கப்படுகிறது. தாழ் அழுத்தப் பக்கத்தில் ஒரு கட்டம், அதன் சி.டி.க்கு வெளியே, புவியுடன் குறுக்கிணைக்கப்படுகிறது. மேற்கூறிய மின்மாற்றியில் இப்போது ஏறத்தாழ 32 ஆம்பியரும், சி.டி.க்களின் துணைப் பக்கத்தில் 32 மில்லி ஆம்பியரும் பாயும்.

* இணைப்பு சரியாக இருந்தால் ரிலேக் கிளையில் சுழியத்தை ஒட்டிய அளவே காணப்படும்.
* நடுநிலைச் சி.டி. தலைகீழாக இருந்தால் ஏறத்தாழ இருமடங்கு, அதாவது 64 மில்லி ஆம்பியர் வரை காணப்படும்.
* குறுக்கிணைப்பைச் சி.டி.க்கும் மின்மாற்றிக்கும் இடையே மாற்றினால் அது உள் பழுதுக்கு ஒப்பாகும். அப்போது ஏறத்தாழ 32 மில்லி ஆம்பியர் காணப்பட வேண்டும்.

இச்சோதனை ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனியே செய்யப்படுகிறது. வெளிப் பழுதுச் சோதனையில் சுழியம் காட்டுவது மட்டும் போதாது. ரிலேக் கம்பி அறுந்திருந்தாலும் சுழியமே காட்டும். எனவே உள் பழுதுச் சோதனையும் இன்றியமையாதது.

## வரம்புகள்

இப்பாதுகாப்பு புவியைத் தொடாத பழுதுகளை அறியாது. இரு கட்டங்களுக்கு இடையிலான பழுதும், ஒரே சுருணையின் அடுத்தடுத்த சுற்றுகள் தம்முள் குறுக்கிணைவதும் நடுநிலைக் கடத்தியில் மின்னோட்டத்தை ஏற்படுத்துவதில்லை. முன்னதற்கு வேறுபாட்டுப் பாதுகாப்பும், பின்னதற்கு எண்ணெயில் எழும் வளிமத்தை உணரும் புக்கோல்சு ரிலேயும் தேவை. மேலும், தாழ் அழுத்தச் சுருணையில் அமைத்த பாதுகாப்பு உயர் அழுத்தச் சுருணையின் பழுதை அறியாது. அச்சுருணையும் புவியிணைக்கப்பட்ட விண்மீன் இணைப்பாக இருந்தால் அதற்குத் தனியாக நான்கு சி.டி.க்களும் ஒரு ரிலேயும் அமைக்க வேண்டும்.

நடுநிலைப் புள்ளியிலேயே, அல்லது அதற்கு மிக நெருங்கிய சுற்றில் பழுது ஏற்பட்டால், அதனைச் செலுத்தும் மின்னழுத்தமே இல்லாததால் இம்முறையாலும் அதை அறிய இயலாது. எனவே வரையறுக்கப்பட்ட புவிப்பழுதுப் பாதுகாப்பு வேறுபாட்டுப் பாதுகாப்புக்கு மாற்று அன்று. அது விட்டுவிடும் பகுதியின் பெரும்பங்கை நிரப்பும் துணை ஆகும்.

## இவற்றையும் பார்க்க

* மின்மாற்றி
* மின்னோட்ட மின்மாற்றி
* வேறுபாட்டுப் பாதுகாப்பு
* புக்கோல்சு ரிலே
* துணைமின்நிலையம்